அகராதி ஏறிவிட்டது, தமிழ்ப் பிழைதிருத்தம் எங்கே?

பயர்பாக்ஸ் உலாவியைப் புதிதாக நிறுவிய ஒருவர் அதில் மின்னஞ்சல் எழுத உட்காருகிறார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் சொல்லின் அடியில் சிவப்பு நெளிகோடு விழுகிறது. தமிழுக்கு மாறியதும் ‘நான்’, ‘வீடு’, ‘வந்தேன்’ என்று சரியாக எழுதிய எல்லாச் சொல்லுக்கும் அதே கோடு விழுகிறது. உலாவிக்குத் தெரிந்தது ஆங்கில அகராதி மட்டும். அந்தப் பட்டியலில் இல்லாத எதுவும் அதற்குப் பிழைதான். யாரோ சொல்லக் கேட்டுத் தமிழ் அகராதியையும் நிறுவுகிறார். ‘சேர்க்கப்பட்டது’ என்று செய்தி வருகிறது. மின்னஞ்சல் பெட்டிக்குத் திரும்பினால் கோடுகள் அப்படியே இருக்கின்றன. தமிழ் அகராதி வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிப் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். உண்மையில் அகராதி உள்ளே வந்துவிட்டது. அதைத் தேர்ந்தெடுக்கும் வேலை மட்டும் மிச்சம்.

முதலில் நிறுவும் வழி. மின்னஞ்சலின் உடற்பகுதி போலப் பல வரி எழுதும் பெட்டி ஒன்றில் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால் பட்டியல் ஒன்று விரியும். அதில் Check Spelling என்பதற்கு எதிரே சரிக்குறி இருக்க வேண்டும். அதற்குக் கீழே Languages, அதனுள்ளே Add Dictionaries… என்று இருக்கும். அதை அழுத்தினால் மொஸில்லாவின் நீட்சிகள் தளத்தில் மொழிக் கருவிகளுக்கான பக்கம் திறக்கும். மொழிகள் வரிசையாக இருக்கும் அந்தப் பக்கத்தில் தமிழைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இங்கே ஒரு கவனம் தேவை. அதே பக்கத்தில் அகராதியும் இருக்கும், மொழிப் பொதியும் இருக்கும். மொழிப் பொதி என்பது உலாவியின் பட்டியல்களையும் பொத்தான்களையும் தமிழில் காட்டுவதற்கானது. அதற்கும் எழுத்துப்பிழைக்கும் தொடர்பில்லை. உலாவி முழுக்கத் தமிழில் பேசத் தொடங்கிய பிறகும் பிழைதிருத்தம் ஆங்கிலத்திலேயே இருக்கிறதென்றால், நிறுவியது மொழிப் பொதியாக இருக்கலாம். சரிபார்க்க எளிய வழி உண்டு. முகவரிப் பட்டையில் about:addons என்று தட்டினால் இடப்பக்கத்தில் Dictionaries என்ற பிரிவு தெரியும். தமிழ் அகராதி அதனுள் இருந்தால் நிறுவல் சரி. ஒன்றுக்கு மேற்பட்ட தமிழ் அகராதிகள் கண்ணில் பட்டால், கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அடுத்ததுதான் பலர் தவறவிடும் படி. எழுதும் பெட்டிக்குத் திரும்பி, மீண்டும் வலப் பொத்தானை அழுத்தி, Languages பட்டியலில் இப்போது புதிதாக வந்திருக்கும் தமிழைச் சொடுக்க வேண்டும். 2022 மே மாதம் வந்த பயர்பாக்ஸ் 100 முதல் ஒரே நேரத்தில் பல மொழிகளுக்குச் சரிக்குறி இடலாம். தமிழ், ஆங்கிலம் இரண்டையும் தேர்ந்துவைத்தால், ஏதாவது ஓர் அகராதி ஒப்புக்கொண்டாலும் அந்தச் சொல்லுக்குக் கோடு விழாது. தமிழ் வரிகளுக்கு நடுவே ஆங்கிலப் பெயர்களும் முகவரிகளும் எழுதுகிறவர்களுக்கு இந்த வசதி பெரிய நிம்மதி. அதற்கு முந்தைய பதிப்புகளில் ஒவ்வொரு முறையும் மொழியை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் செய்த பிறகும் அடுத்த நாள் வேறொரு தளத்தில் எழுதும்போது தமிழ் காணாமல் போயிருக்கலாம். பயர்பாக்ஸ் அகராதியைத் தளத்துக்குத் தளம் தேர்ந்தெடுக்கிறது. பயனர் ஒரு தளத்தில் தேர்ந்த மொழியை அந்தத் தளத்துக்கென நினைவில் வைக்கும். அப்படி எதுவும் பதிவாகியிராத தளத்தில், அந்தப் பக்கம் தன்னை எந்த மொழிப் பக்கம் என்று அறிவித்துக்கொள்கிறதோ அதைப் பார்க்கும். ‘நான் ஆங்கிலப் பக்கம்’ என்று அறிவிக்கும் தளத்தில் தமிழில் எழுத முனைந்தால் ஆங்கில அகராதி வந்து உட்காருவது இதனால்தான். அங்கேயும் ஒருமுறை தமிழைத் தேர்ந்துவிட்டால் அந்தத் தளத்தைப் பொறுத்தவரை தொல்லை தீர்ந்தது.

வேறு சில இடறல்களும் உண்டு. மின்னஞ்சலின் தலைப்பு வரி, தேடல் பெட்டி போன்ற ஒற்றை வரிப் பெட்டிகளைப் பயர்பாக்ஸ் இயல்பில் சோதிப்பதில்லை. அவற்றையும் சோதிக்க வேண்டுமென்றால் about:config பக்கத்தில் layout.spellcheckDefault என்ற அமைப்பைத் தேடி, 1 என்ற மதிப்பை 2 ஆக மாற்ற வேண்டும். சில தளங்கள் வலப் பொத்தானுக்குத் தங்கள் சொந்தப் பட்டியலைக் காட்டி உலாவியின் பட்டியலை மறைத்துவிடும். அப்போது ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வலப் பொத்தானை அழுத்தினால் பயர்பாக்ஸின் பட்டியல் வெளியே வரும்.

குரோமில் வழி வேறு. அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அங்கேயே பிழைதிருத்தத்தில் தமிழுக்கு எதிரே உள்ள பொத்தானை இயக்கினால் அதற்கான கோப்பை உலாவி தானே தரவிறக்கிக்கொள்ளும். அங்கே அடிப்படைச் சோதனை, மேம்பட்ட சோதனை என்று இரண்டு வகை இருக்கும். மேம்பட்டதைத் தேர்ந்தால் எழுதுவது கூகுளின் வழங்கிக்கு அனுப்பப்படுகிறது. பயர்பாக்ஸில் நிறுவிய அகராதி சொந்தக் கணினிக்குள்ளேயே வேலை செய்கிறது. அலுவலகக் கடிதமும் நோயாளிக் குறிப்பும் எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி, தமிழ் அகராதி இயங்கத் தொடங்கிய பின் திரையில் நடப்பது. ‘நான்’, ‘வீடு’ ஆகியவற்றின் அடியிலிருந்து கோடு போய்விடும். ஆனால் ‘வீட்டிலிருந்துதானே’, ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ போன்ற சொற்களின் கீழ்க் கோடு நிற்கலாம். அவற்றில் பிழை எதுவும் இல்லை. இதைக் கண்டு அகராதியைத் திட்டுவதற்கு முன் அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

பயர்பாக்ஸில் எழுத்துப்பிழைதிருத்தம் 2006இல், அதன் 2ஆம் பதிப்போடு வந்தது. அப்போது உள்ளிருந்த இயந்திரத்தின் பெயர் மைஸ்பெல். ஒரு வேர்ச்சொல்லின் பின்னால் ஒரே ஒரு விகுதியை மட்டும் ஒட்டிப் பார்க்கத் தெரிந்தது அது. ஆங்கிலத்துக்கு அது போதும். ஹங்கேரிய மொழிக்குப் போதவில்லை. ஹங்கேரிய மொழியும் தமிழைப் போல வேற்றுமை, பன்மை எல்லாவற்றையும் சொல்லின் வாலில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும். அந்த நாட்டைச் சேர்ந்த லாஸ்லோ நேமெத் மைஸ்பெல்லை அடிப்படையாகக் கொண்டு ஹன்ஸ்பெல் என்ற இயந்திரத்தை எழுதினார். விகுதியின் மேல் இன்னொரு விகுதி ஒட்டினாலும் அது புரிந்துகொள்ளும். யுனிகோடு எழுத்துகளையும் நேரடியாகப் படிக்கும். 2008இல் வந்த பயர்பாக்ஸ் 3 முதல் இதுவே உள்ளே இருக்கிறது. லிப்ரேஆபீஸ், குரோம் ஆகியவையும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஹங்கேரிய மொழியின் தேவைக்காக ஒருவர் செய்த வேலை தமிழுக்கும் கதவைத் திறந்தது.

ஹன்ஸ்பெல்லுக்கான அகராதி என்பது இரண்டு எளிய உரைக் கோப்புகள். ஒன்றில் வேர்ச்சொற்கள் இருக்கும். அதன் பெயர் .dic என்று முடியும். இன்னொன்றில் அந்தச் சொற்கள் எப்படி உருமாறலாம் என்ற விதிகள் இருக்கும். அதன் பெயர் .aff என்று முடியும். மூன்றே சொற்கள் கொண்ட ஒரு குட்டித் தமிழ் அகராதியை எழுதிப் பார்ப்போம். சொற்கோப்பின் முதல் வரி, எத்தனை சொற்கள் என்ற எண்ணிக்கை:

```
3
மரம்/A
குளம்/A
படம்/A
```

சாய்கோட்டுக்குப் பின் உள்ள A, ‘இந்தச் சொல் A என்ற விதிப்படி மாறும்’ என்று சொல்கிறது. விதிக்கோப்பு இது:

```
SET UTF-8
SFX A Y 2
SFX A ம் த்தை/B ம்
SFX A ம் த்தில் ம்
SFX B Y 4
SFX B 0 க் .
SFX B 0 ச் .
SFX B 0 த் .
SFX B 0 ப் .
```

மூன்றாவது வரியைப் படிக்கும் முறை இது: சொல் ‘ம்’ என்று முடிந்தால், அந்த ‘ம்’மை எடுத்துவிட்டு ‘த்தை’யைப் போடு. மரம் ‘மரத்தை’ ஆகிறது. அதன் பின்னுள்ள B, அடுத்த படிக்கு வழி. ‘மரத்தை’ என்பதன் முடிவில் எதையும் நீக்காமல் க், ச், த், ப் ஆகிய நான்கில் ஒன்றைச் சேர்க்கலாம். ‘மரத்தைக் கண்டான்’, ‘மரத்தைப் பார்த்தான்’ என்று வல்லினம் மிகும் வடிவங்களுக்காக அந்த நான்கு வரிகள். ஆக ஒவ்வொரு வேர்ச்சொல்லுக்கும் மரம், மரத்தை, மரத்தில், அதோடு ஒற்று மிகுந்த நான்கு என ஏழு வடிவங்கள். மூன்று சொற்களிலிருந்து 21 வடிவங்களை உலாவி ஒப்புக்கொள்கிறது.

இந்தச் சிறு எடுத்துக்காட்டிலேயே தமிழின் சிக்கல் முழுவதும் தெரிகிறது. ‘மரங்களிலிருந்தும்’ என்று எழுதினால் இந்த அகராதி சிவப்புக் கோடு போடும். மரம், கள், இல், இருந்து, உம் என்று ஐந்து துண்டுகள் அதில் இருக்கின்றன. ஹன்ஸ்பெல் பின்னொட்டில் இரண்டு படிவரைதான் இறங்கும். எனவே அகராதி செய்கிறவர் ‘ங்களிலிருந்து’ என்பதை ஒரே ஒட்டாக எழுதி, ‘உம்’மை இரண்டாம் படியில் வைக்க வேண்டியிருக்கும். இப்படி ஒவ்வொரு சேர்க்கையையும் ஒருவர் முன்கூட்டியே நினைத்துப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். பெயர்ச்சொல்லுக்கே இவ்வளவென்றால் வினைச்சொல்லில் காலம், பால், எண், எச்சம், துணைவினை எல்லாம் சேர்ந்துவிடும். நல்ல தமிழ்ச் சொல்லின் கீழும் கோடு விழுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். எழுதியவர் மேலும் தவறில்லை, மொழி மேலும் தவறில்லை. அந்தச் சேர்க்கை விதிக்கோப்பில் இன்னும் ஏறவில்லை.

ஆகவே நீளமான சொல்லின் கீழ்க் கோட்டைக் கண்டதும் ஒரு சோதனை செய்யலாம். பின்னாலிருந்து ஒட்டுகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ சிவப்பாக இருந்து, ‘படித்துக்கொண்டிருந்தவர்’ கோடின்றி நின்றால் சொல் சரி, அகராதியின் விதிதான் போதவில்லை என்று கொள்ளலாம். அடிச்சொல்லிலும் கோடு தொடர்ந்தால் எழுத்துகளை ஒருமுறை கூர்ந்து பார்ப்பது நல்லது.

மறுபக்கமும் உண்டு. கோடு விழாததால் சொல் சரி என்று ஆகிவிடாது. ஹன்ஸ்பெல் ஒவ்வொரு சொல்லையும் தனியாக எடுத்துப் பார்க்கிறது. பக்கத்துச் சொல் அதற்குத் தெரியாது. ‘மரத்தைக் பார்த்தான்’ என்று எழுதினால், ‘மரத்தைக்’ பட்டியலில் இருக்கும் வடிவம், ‘பார்த்தான்’ சரியான சொல். கோடு விழாது. ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாழை பலம்’ என்று எழுதினாலும் பிழை தப்பித்துவிடும். பலம் என்றொரு சொல் தமிழில் இருக்கிறதே. பணி–பனி, கரை–கறை, அரம்–அறம் என்று ரகர றகரமும் னகர ணகரமும் மாறிப்போகும் பிழைகளில் பாதி இந்த வகை. சந்திப்பிழைக்கு இந்த அகராதியை நம்பியிருக்க வேண்டாம். அதற்கு நீச்சல்காரன் உருவாக்கிய ‘நாவி’ போன்ற தனிக் கருவிகள் உண்டு. அவர் உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப்பிழைகளைத் திருத்தும். எழுதி முடித்ததை அங்கே ஒட்டிப் பார்க்கலாம். எழுத எழுதவே தட்டச்சுப் பிழையைப் பிடிப்பது உலாவி அகராதியின் வேலை.

அந்த வேலையில் அது மனிதக் கண்ணை மிஞ்சும் இடம் ஒன்று உண்டு. இந்த அகராதியை நிறுவ அதுவே போதுமான காரணம். ‘ஔவையார்’ என்ற பெயரை இணையத்தில் தேடினால் பாதிப் பக்கங்களில் முதலெழுத்து ‘ஒள’ என்று இருக்கும். அதாவது ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டி ஔகாரம் போலத் தோன்றவைத்திருப்பார்கள். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. கணினிக்கோ முன்னது ஒரே எழுத்து, பின்னது இரண்டு எழுத்துகள். தேடும்போது ஒன்றுக்கு மற்றது கிடைக்காது. அகரவரிசைப்படுத்தினால் இரண்டும் வேறு வேறு இடத்தில் போய் நிற்கும். ‘கௌதமன்’ என்பதைக் ககரத்துக்கு ஒற்றைக்கொம்பும் பக்கத்தில் ளகரமும் இட்டுக் ‘கெளதமன்’ என்று எழுதுவதும் இதே பிழை. மெய்ப்புப் பார்ப்பவர் எத்தனை முறை படித்தாலும் இது கண்ணில் படாது. அகராதியில் அந்தச் சொல் சரியான வடிவில் இருந்தால், பார்வைக்குக் குறையே இல்லாத சொல்லின் கீழே சிவப்புக் கோடு விழுந்துவிடும்.

அப்படிப்பட்ட புதிரான கோட்டைப் பார்த்தால், சந்தேக எழுத்துக்குப் பின்னால் நிறுத்தற்குறியை வைத்துப் பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ‘ஔ’ என்றால் முழு எழுத்தும் போகும். ‘ஒள’ என்றால் ளகரம் மட்டும் போய் ‘ஒ’ மிஞ்சும். ‘கௌ’ என்றால் ‘க’ நிற்கும். தவறாகத் தட்டியது என்றால் ‘கெ’ நிற்கும். ஒகர உயிர்மெய்யிலும் இதே சோதனை உதவும். ‘கொ’வைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். யுனிகோடு இரண்டையும் சமம் என்று ஏற்கிறது. ஆனால் அகராதிக் கோப்பு ஒரு வகையை மட்டும் வைத்திருந்து, அதை ஈடுசெய்யும் விதியும் இல்லாவிட்டால், மற்ற வகையில் எழுதிய எல்லா ஒகரச் சொற்களும் சிவப்பாகும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கட்டுரையை ஒட்டியதும் கொ, போ, தோ உள்ள சொற்கள் மட்டும் வரிசையாகச் சிவந்தால் காரணம் இங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, சொந்தச் சொற்கள். ஊர்ப்பெயர், ஆள்பெயர், வட்டாரச் சொல் எல்லாம் எந்த அகராதியிலும் முழுதாக இருக்காது. சிவப்பான சொல்லின் மேல் வலப் பொத்தானை அழுத்தி Add to Dictionary என்பதைத் தேர்ந்தால் பயர்பாக்ஸ் அதைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். தமிழுக்கு இது அரைகுறை உதவிதான். ‘கீழடி’யைச் சேர்த்தால் ‘கீழடி’ மட்டுமே ஏறும். ‘கீழடியில்’, ‘கீழடிக்கு’, ‘கீழடியின்’ எல்லாம் சிவப்பாகவே இருக்கும், ஏனென்றால் இந்தச் சொந்தப் பட்டியலுக்கு விதிக்கோப்பு கிடையாது. ஒவ்வொன்றாகச் சொடுக்குவதற்குப் பதில் வேறொரு வழி இருக்கிறது. about:support பக்கத்தில் சுயவிவரக் கோப்புறையைத் திறந்தால் persdict.dat என்ற கோப்பு இருக்கும். வரிக்கு ஒரு சொல்லாக எழுதிய சாதாரண உரைக் கோப்பு அது. உலாவியை மூடிவிட்டு, அதில் வேண்டிய வடிவங்களைச் சேர்த்துச் சேமிக்கலாம்:

```
கீழடி
கீழடியில்
கீழடியின்
கீழடிக்கு
கீழடியைப்
```

கை தவறிப் பிழையான சொல்லைச் சேர்த்துவிட்டாலும் அதை நீக்கும் இடம் இந்தக் கோப்புதான். அப்படி நுழைந்த பிழைச் சொல்லுக்கு அதன்பின் ஒருபோதும் கோடு விழாது என்பதால், கோப்பை அவ்வப்போது திறந்து ஒரு பார்வை பார்ப்பது அவசியம். கணினியை மாற்றும்போதும் உலாவியைப் புதிதாக நிறுவும்போதும் persdict.dat கோப்பைப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் சேர்ந்திருக்கும் சொற்களில் பொதுவானவற்றை, அகராதி நீட்சியின் பக்கத்தில் உள்ள தொடர்பு வழியாக அதைப் பராமரிப்பவருக்கு அனுப்புங்கள். அவர் அவற்றை .dic கோப்பில் சேர்த்துப் புதிய பதிப்பை வெளியிட்டால், அந்த அகராதியை நிறுவிய எல்லோருக்கும் அந்தச் சொற்கள் போய்ச் சேரும்.